மாவுக்கட்டு பிரித்த பிறகு மணிக்கட்டை மீட்பது: விரலில் தொடங்கிச் சுவரில் கையூன்றும் வரை

மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு பிரித்தவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பும் வழியிலேயே ஒரு ரப்பர் பந்து வாங்கிவிடுகிறார்கள். மறுநாள் காலையிலிருந்து அதை அமுக்கத் தொடங்கி, ஒரு மாதம் கழித்து இயன்முறை மருத்துவரிடம் வந்து, நாள் தவறாமல் பந்து அமுக்கியும் கை நிமிரவில்லையே என்கிறார்கள். பந்து அமுக்குவதால் விரலை மடக்கும் தசைகள்தான் வேலை செய்கின்றன. மாவுக்கட்டு பறித்துக்கொண்டதோ மணிக்கட்டைப் பின்னோக்கி வளைக்கும் அசைவையும், உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்பும் அசைவையும்தான். ஆகவே முதலில் அசைவு, பிறகு நீட்சி, அதன் பிறகே பலம் என்ற வரிசையில் செல்வதே என் வழக்கம்; அந்த வரிசையைத்தான் இங்கே விளக்குகிறேன்.

வழுக்கி விழும்போது கையை ஊன்றுவதால் முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பான ஆரை எலும்பு, மணிக்கட்டை ஒட்டிய முனையில் முறிவதுதான் பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் மணிக்கட்டு முறிவு. அறுவை சிகிச்சையின்றி ஏறத்தாழ 6 வாரம் மாவுக்கட்டில் இருந்து, எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் கட்டைப் பிரித்தவர்களுக்கே இந்தக் கட்டுரை பொருந்தும். தகடோ கம்பியோ வைத்தவர்களுக்கு நாள் கணக்கு வேறு. சிறு பிள்ளைகளுக்கு இவ்வளவு பயிற்சி பெரும்பாலும் தேவைப்படாது. விளையாட்டிலேயே அவர்கள் கை சரியாகிவிடும்.

விளக்கத்திற்காக, என்னிடம் வந்த ஓர் அம்மாவின் கணக்கை உடன் வைத்துக்கொள்வோம். வயது 56. துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்து வலது கை முறிந்தது. கட்டுப் பிரித்த அன்று அவரால் மணிக்கட்டைப் பின்னோக்கி 20 பாகை அளவே வளைக்க முடிந்தது. இடது கை 65 பாகை வளைந்தது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பச் சொன்னால் பாதி தூரத்தில் நின்றுவிட்டது. அவருடைய முதல் கேள்வி, சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக எப்போது முடியும் என்பதாக இருந்தது.

முதல் சில நாட்கள்

கட்டுக்குள்ளிருந்து வெளிவரும் கை பார்ப்பதற்குச் சற்று அச்சமூட்டும். தோல் செதில் செதிலாக உரியும், ரோமம் அடர்ந்திருக்கும், முன்கை மெலிந்தும் விரல்கள் லேசாக வீங்கியும் இருக்கும். இவை எல்லாம் இயல்பானவை. வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் கையை ஊற வைத்து, துணியால் ஒற்றியெடுத்து, தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். உரியும் தோலைத் தேய்த்து எடுக்கப் பார்த்தால் புண்ணாகிவிடும்.

எண்ணெய் தடவுவதற்கும், தெரிந்த ஒருவரை அழைத்து எண்ணெய் விட்டு உருவிக் கையை முறுக்கி விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். 6 வாரத்தில் எலும்பு ஒட்டியிருக்கிறது என்றால், அசைவைத் தாங்கும் அளவுக்கு ஒட்டியிருக்கிறது என்றுதான் பொருள். முழுச் சுமையைத் தாங்கும் உறுதி வருவதற்கு இன்னும் பல வாரங்கள் ஆகும். பிறர் வலிந்து வளைப்பதால் வீக்கமும் வலியும் கூடி, கை முன்னிலும் இறுகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வீக்கம் குறைய, உட்காரும்போதும் படுக்கும்போதும் கையைத் தலையணை மேல் இதயத்திற்கு மேலான உயரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மோதிரத்தையும் இறுக்கமான வளையலையும் இப்போதைக்கு அணிய வேண்டாம். சாப்பிடுவது, பொத்தான் போடுவது, தலை வாருவது போன்ற இலகுவான வேலைகளுக்கு அந்தக் கையையே பயன்படுத்த வேண்டும். ஒரு தம்ளர் காபியைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. கழற்றி மாட்டும் பட்டையை மருத்துவர் கொடுத்திருந்தால், அதைப் பேருந்திலும் கூட்டத்திலும் போட்டுக்கொண்டு வீட்டில் கழற்றி வைப்பது நல்லது. நாள் முழுக்க அதை மாட்டிக்கொண்டிருந்தால் மாவுக்கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை என்றே ஆகும்.

விரலும் தோளும்

மணிக்கட்டைத் தொடுவதற்கு முன் விரல்களைச் சரிபார்க்க வேண்டும். மெதுவாக முஷ்டி பிடித்துப் பார்த்தால், விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொட எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது தெரியும். அந்த அம்மாவுக்கு இரண்டு விரல் அகலம் இருந்தது. விரல்களை முழுவதும் நீட்டி, பிறகு அடிக்கணுவை நேராக வைத்து மேல் இரண்டு கணுக்களை மட்டும் கொக்கி போல மடக்கி, பிறகு முழு முஷ்டியாக்கி, மறுபடியும் நீட்டுவது ஒரு சுற்று. கொக்கி நிலையைத் தனியாகச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விரலை மடக்கும் தசைநாண்கள் அடுக்கடுக்காக ஓடுகின்றன. ஒவ்வொரு நிலையிலும் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் சென்றால்தான் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும். கடைசியாகக் கட்டைவிரல் நுனியால் மற்ற நான்கு விரல் நுனிகளையும் வரிசையாகத் தொட்டுச் சுண்டுவிரலின் அடி வரை போக வேண்டும்.

தோளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 6 வாரம் தூளியில் தொங்கிய கைக்குத் தோளும் இறுகியிருக்கும். நாளுக்கு இரண்டு வேளை, 10 முறை கையைத் தலைக்கு மேல் முழுவதும் தூக்கி இறக்கினால் போதும்.

மணிக்கட்டின் அசைவு: முதல் இரண்டு வாரம்

முன்கையை மேசை மீது படுக்க வைத்து, உள்ளங்கை தரையைப் பார்க்குமாறு கையை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கவிட வேண்டும். அங்கிருந்து கையை மேலே தூக்குவது பின்னோக்கிய வளைவு. கீழே இறக்குவது முன்னோக்கிய வளைவு.

முதல் நாள் அந்த அம்மாவைக் கையைத் தூக்கச் சொன்னபோது, ஐந்து விரல்களும் விறைப்பாக நீண்டு மேலே எழும்பின; மணிக்கட்டோ அசையவே இல்லை. இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நேர்வது. மணிக்கட்டைத் தூக்குவதற்கென்றே சில தசைகள் உண்டு. அவை கட்டுக்குள் சோர்ந்து கிடந்தமையால், விரலை நீட்டும் தசைகள் அந்த வேலையைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. பார்ப்பதற்குக் கை எழும்புவது போலத் தோன்றும். ஆனால் எழும்ப வேண்டிய தசை தூங்கிக்கொண்டே இருக்கும். இதே பழக்கம் நீடித்தால் பிறகு எதையாவது இறுகப் பிடிக்கும்போது மணிக்கட்டு முன்னோக்கிச் சரிந்துவிடும்.

இதைத் திருத்த ஒரு பேனா போதும். பேனாவை முஷ்டிக்குள் மெதுவாகப் பிடித்துக்கொண்டு, விரல்களைத் திறக்காமல் கையைத் தூக்க வேண்டும். விரல்கள் மடங்கியிருக்கும்போது அவற்றை நீட்டும் தசைகளால் உதவ முடியாது; மணிக்கட்டுத் தசையே எழும்பியாக வேண்டும். தொடக்கத்தில் தூக்கும் உயரம் பாதியாகக் குறைந்துவிடும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். அந்தப் பாதிதான் உண்மையான அளவு. மேலே எட்டிய இடத்தில் 5 விநாடி நிறுத்தி, மெதுவாக இறக்கி, இப்படி 10 முறை செய்ய வேண்டும். முன்னோக்கி வளைக்கும்போது மட்டும் விரல்களைத் தளர்வாகத் தொங்கவிடலாம்.

அடுத்தது உள்ளங்கையைத் திருப்புவது. முழங்கையை மடக்கி இடுப்போடு ஒட்டி வைத்து, பேனாவை முஷ்டியில் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். உள்ளங்கை மேலே பார்க்கும்படி திருப்பினால் பேனாவின் மேல்முனை வெளிப்பக்கம் சாயும். கீழே பார்க்கும்படி திருப்பினால் உட்பக்கம் சாயும். நலமான கையில் பேனா ஏறக்குறையத் தரைக்கு இணையாகப் படுத்துவிடும். முழங்கை இடுப்பைவிட்டு விலகினால் தோள்தான் திருப்புகிறது என்று பொருள். அதைத் தடுக்க, முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் மடித்த துண்டு ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். துண்டு விழுந்தால் அந்த முறை கணக்கில் சேராது. தீர்த்தம் வாங்குவதும், சில்லறையை உள்ளங்கையில் வாங்குவதும், முகம் கழுவத் தண்ணீர் ஏந்துவதும் இந்த அசைவை நம்பியே நடக்கின்றன. சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்கும் இதில் ஒரு பகுதி வேண்டும்.

பக்கவாட்டு அசைவுக்கு மேசையில் துணியை விரித்து, முன்கையை அசைக்காமல் உள்ளங்கையால் இடமும் வலமுமாகத் துடைத்தால் போதும்.

இவை அனைத்தையும் செய்ய 10 நிமிடம் ஆகும். நாளுக்கு ஒரே முறை ஒரு மணி நேரம் செய்வதைவிட, 10 நிமிடமாக 4 அல்லது 5 வேளை செய்வதே இறுகிய மூட்டுக்கு ஏற்றது. வெந்நீரில் கையை ஊற வைத்த உடனே செய்தால் அசைவு எளிதாக இருக்கும். வாரம் ஒருமுறை கையை மேசை விளிம்பில் வைத்து, ஒரே இடத்திலிருந்து பக்கவாட்டில் கைபேசியால் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நாளுக்கு நாள் தெரியாத மாற்றம் வாரத்திற்கு வாரம் படத்தில் தெரியும்.

எவ்வளவு வலியைப் பொறுக்கலாம்

வலியே இல்லாமல் இறுகிய மூட்டு நெகிழாது. வலியைப் பொறுத்துக்கொண்டு மேலும் மேலும் செய்தாலும் நெகிழாது. 10க்கு 3 அல்லது 4 என்று சொல்லக்கூடிய இழுவலி, பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்திற்குள் அடங்கிவிட்டால் அளவு சரியாக இருக்கிறது. அதைத் தாண்டி வலித்தாலோ, மறுநாள் காலையில் விரல்கள் முந்தைய நாளைவிடக் கொழுத்திருந்தாலோ அளவு மிஞ்சிவிட்டது.

அந்த அம்மாவுக்கு 9ஆம் நாள் இது நடந்தது. கை நன்றாக இருக்கிறதே என்று ஒரு வாளித் துணியை அலசிப் பிழிந்துவிட்டார். அன்று இரவு மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. காலையில் முஷ்டி பிடிக்க முடியவில்லை. பயிற்சியை முழுவதும் நிறுத்திவிடலாமா என்று கேட்டார். நிறுத்தினால் இரண்டு நாளில் மேலும் இறுகியிருக்கும். விரல் பயிற்சியை அப்படியே வைத்துக்கொண்டு, மணிக்கட்டுப் பயிற்சியை 10 முறையிலிருந்து 5 முறையாகக் குறைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பயிற்சிக்குப் பின் 10 நிமிடம் வைக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. ஐந்தாம் நாள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பினார்.

நீட்சி: மூன்றாம் வாரம் முதல்

சொந்தத் தசையால் எட்டிய இடத்திற்கு மேலும் சற்று நகர்த்த, வெளியிலிருந்து ஒரு மென்மையான தள்ளல் வேண்டும். இதற்கு மிகவும் ஏற்றது வணக்கம் சொல்லும் நிலை. முகவாய்க்கு நேராக இரு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்து, உள்ளங்கைகளின் அடிப்பகுதி பிரியாமல் கைகளை மெதுவாக வயிற்றை நோக்கி இறக்க வேண்டும். இறங்க இறங்க மணிக்கட்டு பின்னோக்கி வளையும். அடிப்பகுதி பிரியத் தொடங்குகிற இடத்திற்குச் சற்று மேலே நின்று 30 விநாடி பொறுத்து, தளர்த்தி, இப்படி 4 முறை செய்ய வேண்டும். கை எந்தச் சட்டைப் பொத்தான் வரை இறங்கியது என்று பார்த்துவைப்பது எளிய அளவுகோல். முன்னோக்கிய வளைவுக்கு, நலமான கையால் மற்றக் கையின் புறங்கையைப் பிடித்து மெதுவாகக் கீழே அழுத்தினால் போதும். விரல்களைப் பிடித்து இழுக்கக் கூடாது.

உள்ளங்கையைத் திருப்புவதற்கு நீளமான தோசைக்கரண்டி உதவும். முழங்கை இடுப்போடு ஒட்டியிருக்க, கரண்டியின் தலை மேலே நிற்குமாறு காம்பின் நடுவில் பிடித்து, மெதுவாக வெளிப்பக்கம் சாயவிட வேண்டும். கரண்டியின் எடையே கையைத் திருப்பும். பழகிய பின் பிடியைக் காம்பின் முனைக்கு நகர்த்தினால் அதே கரண்டி கூடுதலாக இழுக்கும். கரண்டி தானாகச் சரிந்து விழாமல் கட்டுப்பாட்டோடு சாய வேண்டும். கட்டுப்படுத்த முடியவில்லை என்றால் பிடியை மறுபடியும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

நீட்சி தொடங்கிய பிறகும் பேனாப் பயிற்சியை விடக் கூடாது. தள்ளிக் கிடைத்த தூரத்தைச் சொந்தத் தசையால் உடனே எட்டிப் பழகாவிட்டால் மறுநாள் அது நிற்காது. கட்டுப் பிரித்த 4ஆம் வார முடிவில் அந்த அம்மாவுக்குப் பின்னோக்கிய வளைவு 45 பாகைக்கு வந்திருந்தது. அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 40 பாகை இருந்தாலே போதும் என்பதால், அவர் வலது கையால் பிசைந்து சாப்பிடத் தொடங்கியிருந்தார். ரசம் சோறு மட்டும் விரலிடுக்கில் வழிந்துவிடுகிறது என்றார். உள்ளங்கையைக் குழிக்கும் பலம் இன்னும் வரவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பலம்: எலும்பு உறுதியான பிறகு

முறிவு நேர்ந்ததிலிருந்து 8 முதல் 10 வாரம் ஆன பிறகு, மறுபடியும் எக்ஸ்ரே பார்த்தோ கையைச் சோதித்தோ மருத்துவர் இசைந்தால் பலப் பயிற்சியைத் தொடங்கலாம். முதல் வாரம் அசைவில்லாத பலம் மட்டும். மணிக்கட்டை நேராக வைத்து, மற்றக் கையால் புறங்கையின்மேல் அழுத்தம் கொடுத்து, அந்த அழுத்தத்திற்கு இடங்கொடாமல் 5 விநாடி நிற்க வேண்டும். பிறகு இதையே உள்ளங்கைப் பக்கமும் செய்ய வேண்டும். முழு வலுவில் பாதி போதும்.

அடுத்து அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். கடையில் விற்கும் எடைக்கட்டிகளைவிட இது மேலானது என்பது என் கருத்து; தண்ணீரைக் கூட்டிக் குறைத்து எடையைச் சிறிது சிறிதாக மாற்றலாம். 200 மில்லியில், அதாவது ஏறத்தாழ 200 கிராமில் தொடங்கி, மேசை விளிம்பில் கையைத் தொங்கவிட்ட அதே நிலையில் தூக்கி, இறக்குவதற்கு 3 விநாடி எடுத்துக்கொள்ள வேண்டும். 10 முறை கொண்ட சுற்றுகளாக 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்று சுற்றையும் சிரமமின்றி முடிக்கும் நிலை வந்தால் அடுத்த முறை 50 மில்லி சேர்க்கலாம். பாட்டில் நிரம்ப மூன்று நான்கு வாரம் ஆனால் அதுவே நல்ல வேகம்.

ரப்பர் பந்து வர வேண்டிய இடம் இதுதான், அதுவும் ஒரு நிபந்தனையோடு. நலமான கையின் மணிக்கட்டை முன்னோக்கி முழுவதும் மடக்கி வைத்துக்கொண்டு முஷ்டியை இறுக்கிப் பாருங்கள்; விரல்கள் சரியாக மூடவே மூடாது. மணிக்கட்டைச் சற்றுப் பின்னோக்கி வைத்தால் அதே முஷ்டி உறுதியாக இறுகும். ஆகவே பந்தோ, சப்பாத்தி மாவு உருண்டையோ, நனைந்த பஞ்சோ எதை அமுக்கினாலும் மணிக்கட்டு சற்றுப் பின்னோக்கி இருக்க வேண்டும். அதன்பின் ஈரத் துண்டைப் பிழியலாம். முதலில் முகம் துடைக்கும் சிறு துண்டு, சில வாரம் கழித்துக் குளியல் துண்டு.

கையூன்றுதல்

தரையிலிருந்து கையூன்றி எழுவதே மணிக்கட்டின் மீது விழும் பெரிய சுமை. முறிவு நேர்ந்ததிலிருந்து 12 வாரம் கழிந்த பின் சுவரிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கை தூரத்தில் நின்று, தோள் உயரத்தில் உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கி உடலைச் சுவரை நோக்கிச் சாய்த்து மீள வேண்டும். 10 முறை வலியின்றி வந்தால், ஒரு வாரம் கழித்துச் சமையல் மேடை விளிம்பு. அதன் பிறகே தரை. இருசக்கர வாகனம் ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு: வலது கை ஆக்சிலேட்டரைத் திருப்புவதோடு பிரேக்கையும் இறுக்க வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்தபடியே திடீரென்று முழு வலுவில் பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, வலிக்குமோ என்ற தயக்கம் சிறிதும் இல்லாத நிலை வரும் வரை சாலைக்குப் போகக் கூடாது. அப்போதும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டிய நிலைகள்

கை எரிவது போல வலித்து, தொட்டாலே கூசி, நிறம் மாறி, வழவழப்பாக வீங்கி, அளவுக்கு மீறி வியர்த்தால் அது சாதாரண இறுக்கம் இல்லை. நரம்பின் மிகை எதிர்வினையால் வரும் இந்த வலி நோய்க்கு எவ்வளவு விரைவில் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போய், குறிப்பாக இரவில் எழுப்பிவிட்டால், மணிக்கட்டின் நடுவே செல்லும் நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம்.

மூன்றாவதை அதிகம் பேர் அறிவதில்லை. கட்டைவிரலை மேலே தூக்கும் தசைநாண், முறிந்த எலும்பை ஒட்டிய ஒரு பள்ளத்தில் உராய்ந்து, சில வாரங்களோ சில மாதங்களோ கழித்துத் திடீரென்று அறுந்துபோகலாம். எலும்பு விலகாத எளிய முறிவிலும் இது நேர்கிறது. வலிகூட அதிகம் இருக்காது. உள்ளங்கையை மேசையில் தட்டையாக வைத்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். நேற்று வரை எழும்பிய விரல் இன்று எழும்பவில்லை என்றால் பயிற்சியால் அது திரும்பாது. அறுவை மருத்துவரிடம் செல்ல வேண்டும். வாரம் ஒருமுறை படம் எடுக்கும்போதே இதையும் பார்த்துவிடலாம்.

50 வயதைக் கடந்தவருக்கு நின்ற உயரத்திலிருந்து விழுந்தே எலும்பு முறிந்திருக்கிறது என்றால், எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அந்த அம்மா கேட்டார். அடர்த்தி குறைவாகவே இருந்தது, சிகிச்சையும் தொடங்கியது.

பிடிவலு முழுவதும் திரும்ப 6 மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். ஆறாம் மாதத்தில் அவருடைய வலது மணிக்கட்டு பின்னோக்கி 60 பாகை வளைந்தது, வளையல்கள் பழையபடி ஏறின, தரையிலிருந்து கையூன்றி எழுந்தார். மாவு நிறைந்த பாத்திரத்தை அலமாரியிலிருந்து இறக்க மட்டும் அப்போதும் இடது கையைத் துணைக்கு அழைத்துக்கொண்டிருந்தார்.